வாடகைக் காருக்கு எந்த எரிபொருள்? வெளிநாட்டுப் பம்பின் படத்தைப் பார்த்து முடிவு செய்யும் முறை

ஸ்பெயினில் வாடகைக் கார் எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்த என் தங்கை, ஒரு மாலை நேரத்தில் பெட்ரோல் பங்க்கில் நின்றபடியே ஒரு படத்தை அனுப்பிவிட்டு அழைத்தாள். ஒரே பம்பில் நான்கு நாசில்கள் தொங்கின. இரண்டின் கைப்பிடி பச்சை, மற்ற இரண்டின் கைப்பிடி கறுப்பு. கார் டீசல் கார் என்பது அவளுக்குத் தெரியும். "அண்ணா, பச்சைதானே டீசல்? போன தடவை அமெரிக்காவில் பச்சைக் கைப்பிடியில்தான் டீசல் இருந்தது" என்றாள். பின்னால் வேறொரு கார் காத்திருந்ததால் குரலில் அவசரம் தெரிந்தது. "கைப்பிடியின் நிறத்தை விட்டுவிடும்மா. முதலில் டேங்க் மூடியைத் திறந்து, அதன் உட்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு" என்றேன். அந்தப் பச்சைக் கைப்பிடி இரண்டும் பெட்ரோல். அவள் கேட்காமல் எடுத்திருந்தால், டீசல் டேங்க்கில் பெட்ரோல் இறங்கியிருக்கும்.

அமெரிக்காவில் டீசல் நாசிலுக்குப் பச்சைக் கைப்பிடி போடுவது பரவலான வழக்கம். ஐரோப்பாவின் பல நாடுகளில் பச்சை என்றால் பெட்ரோல், கறுப்பு என்றால் டீசல் என்ற வழக்கம் இருக்கிறது. இரண்டுமே வெறும் வழக்கங்கள்தாம். ஒரே நாட்டுக்குள்ளேயே நிறுவனத்துக்கு நிறுவனம் மாறக்கூடியவை. ஆகவே நிறத்தை வைத்து முடிவெடுக்கவே கூடாது. முடிவு காரிலிருந்து தொடங்க வேண்டும். பம்பில் நாம் செய்வது காரில் கண்டதற்கு இணையானதைத் தேடுவது மட்டுமே. அந்த வரிசையிலேயே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படம்: கார் நிறுத்துமிடத்திலேயே எடுக்க வேண்டியது

சாவியை வாங்கியதும், வாடகை நிறுவனத்தின் வளாகத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே டேங்க் மூடியைத் திறந்து அதன் உட்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீறல்களையும் பள்ளங்களையும் படம் எடுக்கும் அதே சுற்றில் இதையும் சேர்த்துவிட்டால் மறக்காது. மூடியின் உட்பக்கத்திலோ, எரிபொருள் துவாரத்தைச் சுற்றியோ, எந்த எரிபொருள் என்ற சொல்லும், பெட்ரோல் கார் என்றால் பெரும்பாலும் குறைந்தபட்ச ஆக்டேன் எண்ணும், ஐரோப்பாவில் விற்கப்பட்ட புதிய கார் என்றால் வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு சிறிய குறியீடும் இருக்கும். சாவிக்கொத்தின் அட்டையிலும் ஒப்பந்தத் தாளிலும் எரிபொருளின் பெயர் அச்சிடப்பட்டிருக்கலாம். அவற்றையும் பாருங்கள், மூடியில் இருப்பதோடு அவை ஒத்துப்போகவில்லை என்றால், அங்கேயே ஊழியரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

முன்பதிவுச் சீட்டை மட்டும் நம்புவது ஏன் போதாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. வாடகைக் கார்களின் வகையை நான்கு எழுத்துக் குறியீட்டால் குறிப்பது இத்துறையின் நடைமுறை. CDMR என்று இருந்தால், அது நடுத்தரச் சிறிய கார், நான்கு அல்லது ஐந்து கதவு, கையால் மாற்றும் கியர் என்பதை முதல் மூன்று எழுத்துகள் சொல்கின்றன. நான்காவது எழுத்தான R, ஏசி உண்டு, எரிபொருள் எதுவென்று குறிப்பிடப்படவில்லை என்று பொருள்படும். அதே இடத்தில் D இருந்தால்தான் டீசல், V இருந்தால்தான் பெட்ரோல். பெரும்பாலான முன்பதிவுகளில் R-தான் வருகிறது. ஆகவே கையில் கிடைக்கும் கார் எதில் ஓடும் என்பது, அந்தக் காரின் முன் நிற்கும்போதுதான் உறுதியாகத் தெரியும். காரின் பெயரும் உதவாது. ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில், பெட்ரோல் காரும் டீசல் காரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

ஐரோப்பாவில் முதலில் வடிவத்தைப் பாருங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடுகளில் 2018 அக்டோபர் 12 முதல் பம்புகளிலும் நாசில்களிலும் புதிய வாகனங்களிலும் ஒரே மாதிரியான குறியீடுகள் கட்டாயமாயின. நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, துருக்கி போன்ற நாடுகளும் இதே முறையைப் பின்பற்றுகின்றன. பிரிட்டனின் பம்புகளிலும் இவற்றைக் காணலாம். இதன் அழகு, மொழி தெரியாதவரும் படிக்கலாம் என்பதில் இருக்கிறது. வட்டத்துக்குள் எழுத்து இருந்தால் அது பெட்ரோல். சதுரத்துக்குள் இருந்தால் டீசல். சாய்சதுரத்துக்குள் இருந்தால் வாயு எரிபொருள்.

வட்டத்துக்குள் E5, E10, E85 என்ற மூன்றில் ஒன்று இருக்கும். E என்பது எத்தனாலைக் குறிக்கிறது. அடுத்து வரும் எண், அந்தப் பெட்ரோலில் எத்தனால் அதிகபட்சமாக எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்பதைச் சொல்கிறது. சதுரத்துக்குள் பெரும்பாலும் B7 இருக்கும். தாவர எண்ணெய் முதலியவற்றிலிருந்து செய்யப்படும் பயோடீசல் 7 விழுக்காடு வரை கலந்த டீசல் என்று அதற்குப் பொருள். B10 என்ற குறியீடும், செயற்கை முறையில் செய்யப்படும் டீசலைக் குறிக்கும் XTL என்ற குறியீடும் சில இடங்களில் உண்டு. காரின் மூடியில் எந்தெந்தக் குறியீடுகள் இருக்கின்றனவோ, அவற்றில் ஏதேனும் ஒன்றைப் பம்பில் கண்டால் போதும். மூடியில் E5, E10 என்று இரண்டு வட்டங்கள் இருந்தால் இரண்டில் எதையும் ஊற்றலாம். மூடியில் B7 மட்டும் இருந்தால், XTL என்ற சதுரம் எவ்வளவு கவர்ச்சியான பெயரோடு தொங்கினாலும் அது உங்கள் காருக்கு உரியதன்று.

இனி என் தங்கையின் படத்துக்கு வருவோம். அவளுடைய காரின் மூடியில் டீசல் என்ற சொல்லும் B7 சதுரமும் இருந்தன. பம்பின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடமிருந்து முதல் நாசிலின் மேல் Gasolina 95 என்றும் அதன் பக்கத்தில் E5 வட்டமும். இரண்டாவதில் Gasolina 98, அதே E5 வட்டம். மூன்றாவதில் Gasóleo A என்ற பெயரும் B7 சதுரமும். நான்காவதில் அந்த நிறுவனம் தன் உயர்தர டீசலுக்குச் சூட்டிய பெயர், அதன் பக்கத்திலும் B7 சதுரம். வட்டம் இரண்டும் கழிந்துவிட்டன. எஞ்சிய சதுரம் இரண்டுமே காருக்குப் பொருந்தும். நான்காவதில் இயந்திரத்தைத் தூய்மையாக வைக்கும் சேர்ப்புப் பொருள்கள் கூடுதலாக இருக்கும். நான்கு நாள் வாடகைக் காருக்கு அதற்கான கூடுதல் விலையைக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. மூன்றாவதை எடுக்கச் சொன்னேன். நாசிலைத் தாங்கியிலிருந்து எடுத்த பிறகு, ஊற்றுவதற்கு முன், நாசிலின் மீதே ஒட்டியிருக்கும் சதுரத்தை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளவும் சொன்னேன். ஏனென்றால், முன்னால் வந்தவர் நாசில்களை இடம் மாற்றித் தொங்கவிட்டுப் போயிருக்க வாய்ப்பு உண்டு.

அந்தப் படத்தின் ஓரத்தில், வளாகத்தின் கோடியில், இன்னொரு தனிப் பம்பும் தெரிந்தது. அதில் Gasóleo B என்று எழுதியிருந்தது, விலையும் குறைவு. அது டிராக்டர் போன்ற வேளாண் இயந்திரங்களுக்காக வரி குறைத்து விற்கப்படும் டீசல். அடையாளம் தெரிவதற்காகச் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். காரில் அதை ஊற்றுவது சட்ட மீறல். சோதனையில் சாயம் தெரிந்தால் அபராதம் உண்டு. வேறு பல நாடுகளிலும் இப்படிச் சாயமிட்ட வேளாண் டீசல் இருக்கிறது. கார்கள் நிற்கும் வரிசையில் இல்லாமல் ஒதுக்கமாக ஒரு பம்ப் மலிவாக இருந்தால், அது யாருக்கானது என்று கேட்காமல் தொடாதீர்கள்.

எழுத்து மட்டும் இருக்கும் இடங்களில் சொல்லின் முடிவைக் கவனியுங்கள்

வட்டமும் சதுரமும் இல்லாத நாடுகளில், அல்லது படத்தில் அவை தெளிவாக விழாதபோது, சொற்களையே நம்ப வேண்டியிருக்கிறது. இங்கேதான் அதிகமான தவறுகள் நடக்கின்றன. ஸ்பெயினில் Gasolina என்பது பெட்ரோல், Gasóleo என்பது டீசல். இத்தாலியில் Benzina பெட்ரோல், Gasolio டீசல். பிரான்சில் டீசலின் பெயர் Gazole. மூன்று நாட்டு டீசலும், பெட்ரோலைக் குறிக்கும் கேசலின் என்ற சொல்லைப் போலவே தொடங்குவதால், அவசரத்தில் படிப்பவர் தடுமாறிப்போகிறார்.

இதற்கு ஒரு திறவுகோல் இருக்கிறது. கச்சா எண்ணெயை வடித்துப் பிரிக்கும்போது டீசலாகக் கிடைக்கும் பகுதிக்குத் தொழில்துறையில் கேஸ் ஆயில் என்று பெயர். ஸ்பானிய மொழியில் óleo, இத்தாலிய மொழியில் olio என்பவை எண்ணெயைக் குறிக்கும் சொற்கள். அவையே அந்தப் பெயர்களின் வாலாக ஒட்டியிருக்கின்றன. ஹங்கேரியில் டீசல் Gázolaj. அங்கே olaj என்றால் எண்ணெய். போலந்தில் டீசலுக்கு Olej napędowy என்று பெயர். பம்பில் சுருக்கமாக ON என்று மட்டும் எழுதியிருப்பார்கள். ஆகவே, சொல்லின் தொடக்கத்தைப் பார்க்காமல் முடிவைப் பாருங்கள். எண்ணெய் என்ற சொல் அதில் ஒளிந்திருந்தால் டீசல். இனா, இன் என்று முடிந்தால் ஐரோப்பாவில் பெரும்பாலும் பெட்ரோல்.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துருக்கியில் Motorin என்பது டீசல். அதன் முடிவை நம்பிப் பெட்ரோல் என்று எண்ணினால் தவறாகிவிடும். இதைவிட ஆபத்தானவை, நாட்டுக்கு நாடு பொருள் மாறும் சொற்கள். Nafta என்பது செக் நாட்டிலும் சுலோவாக்கியாவிலும் டீசல். அதே சொல் அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் பெட்ரோல். கிரேக்கத்தில் பெட்ரேலியோ என்று ஒலிக்கும் சொல் டீசலைக் குறிக்கிறது. காதுக்குப் பெட்ரோல் போலவே கேட்கும். சிலியில் மக்கள் பேச்சில் பெத்ரோலியோ என்பதும் டீசல்தான். பெட்ரோலுக்கு அங்கே பென்சினா என்பார்கள். இந்தோனேசியாவில் Solar என்று எழுதியிருந்தால் அதற்கும் சூரிய ஒளிக்கும் தொடர்பில்லை, அது டீசல். அமெரிக்காவில் கேஸ் என்றால் பெட்ரோல். ஜெர்மனியில் கேஸ் என்றால் வாயு. இத்தனையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. போகப்போகும் நாட்டில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பம்பில் என்ன எழுதியிருக்கும் என்ற இரண்டே சொற்களைப் புறப்படுவதற்கு முன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். எல்லை கடந்து அடுத்த நாட்டுக்குள் காரை ஓட்டிச் செல்பவர்கள் அந்த நாட்டுக்கும் இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எழுத்தே படிக்க இயலாத நிலையில் அங்கே கைகொடுப்பது நிறம்தான்; இங்கே மட்டும் நிறத்தை நம்பலாம், ஏனென்றால் தாமே எரிபொருள் நிரப்பிக்கொள்ளும் நிலையங்களில் நாசிலின் நிறம் விதிமுறையால் வரையறுக்கப்பட்டிருக்கிறது. சிவப்பு என்றால் சாதாரண பெட்ரோல், எழுத்தில் レギュラー. மஞ்சள் என்றால் உயர் ஆக்டேன் பெட்ரோல், எழுத்தில் ハイオク. பச்சை என்றால் டீசல், எழுத்தில் 軽油. இந்தக் கடைசிச் சொல்லை அப்படியே பெயர்த்தால் இலேசான எண்ணெய் என்று வரும். ஜப்பானில் மிகச் சிறிய இயந்திரம் கொண்ட, மஞ்சள் எண் பலகை மாட்டிய கார்களைக் கேய் கார் என்பார்கள். அந்தப் பெயரிலும் இதே முதல் எழுத்துதான் இருக்கிறது. வாடகைக்கு மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இந்தச் சிறிய கார்களே. இலேசான காருக்கு இலேசான எண்ணெய் என்று எண்ணி டீசலை ஊற்றிவிடும் தவறு அந்த நாட்டவரிடமே நடக்கிறது. கேய் கார்களில் ஊற்ற வேண்டியது பெட்ரோல்; வழக்கமாகச் சிவப்பு நாசில். ஊழியரே நிரப்பித்தரும் நிலையமாக இருந்தால் "ரெகுரா, மன்தான்" என்று சொன்னால் போதும். சாதாரண பெட்ரோல், டேங்க் நிறைய என்று பொருள்.

எண்களைக் கண்டு அஞ்ச வேண்டாம்

பெட்ரோல் என்பது உறுதியான பிறகுதான் ஆக்டேன் எண்ணைப் பார்க்க வேண்டும். அழுத்தத்தில் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த எண் சொல்கிறது. காரின் மூடியில் எழுதியிருப்பது குறைந்தபட்சம். அதைவிடக் கூடுதலான எண் தீங்கு செய்யாது, பணம்தான் அதிகம். குறைவான எண்ணை ஊற்றினால், மேடேறும்போதோ வேகமாக முடுக்கும்போதோ இயந்திரத்திலிருந்து உலோகம் தட்டுவது போன்ற ஓசை கேட்கலாம். நவீன கார்களின் கணினி அதைச் சரிசெய்ய முயன்று இயந்திரத்தின் ஆற்றலைக் குறைத்துவிடும்.

ஐரோப்பாவில் 95 என்ற எண்ணைப் பார்த்துப் பழகியவர் அமெரிக்காவில் 87, 89, 93 என்று பார்த்ததும், 87 தரம் குறைந்தது என்று நினைத்து விலை கூடிய 93-ஐ எடுப்பதுண்டு. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். ஆக்டேனை அளக்க இரண்டு சோதனை முறைகள் இருக்கின்றன. ஐரோப்பா முதலிய பல நாடுகளில் முதல் முறையின் எண்ணை அப்படியே எழுதுகிறார்கள். அதற்கு RON என்று பெயர், ஜெர்மனியில் ROZ. MON எனப்படும் இரண்டாவது முறை கடுமையானது. அதில் எண் குறைவாகவே வரும். அமெரிக்காவில் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். மஞ்சள் ஸ்டிக்கரில் கறுப்பு எண்ணும், அதனுடன் (R+M)/2 என்ற குறிப்பும் இருப்பது இதனால்தான். ஐரோப்பியத் தரப்படி 95 பெட்ரோல் இரண்டாவது முறையில் குறைந்தது 85 இருக்க வேண்டும். சராசரி 90. ஆகவே ஐரோப்பாவின் 95 என்பது அமெரிக்கப் பம்பில் ஏறக்குறைய 90 அல்லது 91 என்று எழுதப்படக்கூடியது.

நல்ல வேளையாக, இந்தக் கணக்கை நீங்கள் போடவே வேண்டியதில்லை. அமெரிக்காவில் எடுத்த காரின் மூடியிலோ கையேட்டிலோ 87 என்று அமெரிக்க அளவுகோலிலேயே எழுதியிருக்கும். ஸ்பெயினில் எடுத்த காரில் 95 என்று அந்த அளவுகோலிலேயே இருக்கும். அந்தந்த நாட்டுக் காரை அந்தந்த நாட்டுப் பம்போடு ஒப்பிட்டால் போதும். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: அமெரிக்காவின் மலைப்பகுதி மாநிலங்கள் சிலவற்றில் 85 என்ற மலிவான பெட்ரோலும் விற்கிறார்கள். காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் பழைய கார்பரேட்டர் இயந்திரங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. உங்கள் காரில் 87 என்று எழுதியிருந்தால், எந்த உயரத்தில் இருந்தாலும் 87-ஐயே எடுங்கள்.

எத்தனால் விஷயத்தில் உண்மையான அபாயம் E85-இல் மட்டுமே இருக்கிறது. பிரான்சில் இதை Superéthanol E85 என்ற பெயரில், மற்ற பெட்ரோலை விட வெகு மலிவாக விற்கிறார்கள். விலைப்பலகையில் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதற்கென வடிவமைக்கப்பட்ட காரைத் தவிர வேறெதிலும் அதை ஊற்றக் கூடாது. அதை ஏற்கும் கார் என்றால் மூடியிலேயே E85 என்று இருக்கும். E10-ஐப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை; 2011-க்குப் பிறகு ஐரோப்பாவில் விற்கப்பட்ட பெட்ரோல் கார்கள் ஏறக்குறைய அனைத்தும் அதை ஏற்கும், வாடகைக் கார்கள் அதைவிடப் புதியவை. அதே ஸ்பெயின் காரில் என் தங்கை மறுநாள் பிரான்சுக்குள் சென்றபோது, பம்பில் SP95-E10, SP98, E85, Gazole என்று நான்கு பெயர்கள் இருந்தன. முதல் மூன்றும் வட்டம், கடைசி மட்டும் B7 சதுரம். இந்த முறை அவள் என்னை அழைக்கவில்லை. ஊற்றிய பிறகு படத்தை மட்டும் அனுப்பினாள்.

பம்பைப் படம் எடுக்கும் விதம்

யாரிடமாவது காட்டிக் கேட்பதற்காகப் படம் எடுப்பதானால், மூன்று படங்கள் தேவை. ஒன்று, டேங்க் மூடியின் உட்பக்கம். இரண்டாவது, எல்லா நாசில்களும் அவற்றின் மேலுள்ள பெயர்களும் ஒரே சட்டகத்துக்குள் வரும்படி சற்றுத் தள்ளி நின்று எடுத்தது. மூன்றாவது, நீங்கள் எடுக்க நினைக்கும் நாசிலின் ஸ்டிக்கரை நெருங்கி எடுத்தது. சாலையோரத்து விலைப்பலகையின் படம் மட்டும் போதாது. அதில் உள்ள பெயர் எந்த நாசிலுக்கு உரியது என்று அதிலிருந்து தெரியாது. நெருங்கி எடுத்த படம் மட்டும் இருந்தாலும் சிக்கல்தான். அந்த ஸ்டிக்கர் இடப்பக்க நாசிலுக்கா வலப்பக்க நாசிலுக்கா என்று பார்ப்பவருக்குப் புரியாது. பிளாஷ் வெளிச்சம் ஸ்டிக்கரில் பட்டு எழுத்தை மறைத்துவிடும் என்பதால் அதை அணைத்துவிட்டுச் சற்றுச் சாய்வாக எடுங்கள்.

படத்தில் நீல மூடியோ, AdBlue என்ற எழுத்தோ தெரிந்தால் அது எரிபொருளே அன்று. டீசல் கார்களின் புகையைத் தூய்மைப்படுத்தும் யூரியாக் கரைசல் அது; அதற்குத் தனித் துவாரம், பெரும்பாலும் நீல மூடியோடு, காரில் இருக்கும். டீசல் துவாரத்தில் அது சிறிதளவு போனாலும் பழுது பெரிதாகிவிடும்.

நாசில் பொருந்துவது சரியானதற்குச் சான்று ஆகாது

டீசல் நாசிலின் குழல் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது; பெட்ரோல் நாசிலின் குழல் 21 மில்லிமீட்டர். அதனால் டீசல் குழல் பெட்ரோல் காரின் துவாரத்துக்குள் பொதுவாக நுழையாது. அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தால் உடனே நிறுத்தி, ஸ்டிக்கரை மறுபடி பாருங்கள். ஆனால் பெட்ரோலின் மெல்லிய குழல் டீசல் காரின் அகன்ற துவாரத்துக்குள் தடையின்றி இறங்கிவிடும். சில டீசல் கார்களில் மட்டுமே அதைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறது. இரண்டு தவறுகளில் அதிகம் கெடுப்பதும் இதுதான். டீசல் காரின் உயரழுத்தப் பம்புக்கு டீசலே உயவு எண்ணெயாகவும் பயன்படுகிறது. பெட்ரோல் கலந்தால் அந்த வழுவழுப்பு போய், உலோகம் உலோகத்தோடு உராய்ந்து துகள்கள் உதிர்கின்றன. அந்தத் துகள்கள் எரிபொருள் பாதை முழுவதும் பரவுகின்றன.

தவறான நாசிலை எடுத்துவிட்டீர்கள் என்று ஊற்றும்போதோ ஊற்றி முடித்ததுமோ தெரிந்தால், இயந்திரத்தை இயக்காதீர்கள். இயக்காமல் மின்சாரத்தை மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்றும் நினைக்காதீர்கள்; பல கார்களில் சாவியைத் திருப்பியதுமே அல்லது பொத்தானை அழுத்தியதுமே டேங்க்கிலுள்ள சிறிய பம்ப் ஓடத் தொடங்கி, தவறான எரிபொருளைக் குழாய்களுக்குள் அனுப்பிவிடும். நிலையத்து ஊழியரிடம் சொல்லி, கியரை நியூட்ரலில் வைத்துக் காரை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒப்பந்தத் தாளில் உள்ள அவசர உதவி எண்ணை அழையுங்கள். நீங்களாகவே வேறு ஒருவரைக் கொண்டு டேங்க்கைக் காலி செய்ய முற்படாதீர்கள்; வாடகை நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் செய்த வேலைக்கான பொறுப்பு முழுவதும் உங்கள் மேல் விழும். தவறான எரிபொருளால் வரும் பழுதைக் காப்பீடு ஏற்காது என்று பல வாடகை ஒப்பந்தங்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன. இயந்திரம் ஓடுவதற்கு முன் டேங்க்கைக் காலி செய்வது ஒப்பீட்டளவில் சிறிய செலவு. ஓடிய பிறகு எரிபொருள் பாதை முழுவதையும் மாற்ற வேண்டியும் வரலாம். "கொஞ்சம்தானே ஊற்றினோம், மேலே சரியானதை நிரப்பி ஓட்டிவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தெரியாமலேயே கிளம்பிவிட்டவர்களுக்கு, குழாயில் எஞ்சியிருந்த சரியான எரிபொருள் தீரும் வரை கார் ஒழுங்காகவே ஓடும். பின்னர் டீசல் காரில் தட்டும் ஓசை, இழுவை குறைதல், புகை ஆகியவை தொடங்கி வண்டி நின்றுவிடும். பெட்ரோல் காரில் டீசல் போயிருந்தால் இயந்திரம் திக்கித் திக்கி ஓடி அடர்ந்த புகை வரும். நிரப்பிய சற்று நேரத்துக்குள் இவற்றில் எது தெரிந்தாலும், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிட்டு, கையிலுள்ள ரசீதை எடுத்துப் பாருங்கள்.

ரசீதில் எரிபொருளின் பெயரும் லிட்டர் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். பணம் செலுத்தியதும் அதைப் படித்து, காலையில் எடுத்த மூடியின் படத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் காரை இயக்க வேண்டும். ஏதேனும் மாறியிருந்தால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. அந்த ரசீதையும் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாளின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு எரிபொருள் குறித்து நிறுவனம் ஏதேனும் கேட்டு எழுதினால், எந்த நாளில் எந்த எரிபொருள் எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள் என்பதற்கு அந்தப் படமே உங்கள் கையில் இருக்கும் சான்று.